ரெண்டு நாள் ‘ஃபார்வர்டு’ பண்ணலாமான்னு கேட்டா முன்னாடியா, பின்னாடியா?

டோல்கேட்_வாசி | 10.06.2024, இரவு 9:40

கேள்வி சின்னதுதான். மெயில்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் படிக்க முடியும். எழுதுனவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு மேனேஜர் சோழி உருட்டியா பாக்கணும்?

மண்ணடி பக்கம் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ்ல இம்போர்ட் டாக்குமெண்ட்ஸ் பாக்குறேன், எனக்குக் கீழ ஆறு பேர். ரெண்டு மாசத்துக்கு முன்ன ஒரு பொண்ணு வேலைக்குச் சேந்துச்சு. பி.காம். வாயே திறக்காது. டீ வேணுமாம்மான்னு கேட்டா "பரவால்ல சார்"னு சொல்லும், அது வேணுங்கிற பரவால்லயா வேணாங்கிற பரவால்லயான்னு டீக்கடை பையனுக்கே இன்னும் புரியல. ஆனா வேலை சுத்தம், அதனால ஒரு பார்ட்டியோட 14 கன்டெய்னர் பெட்டிக்கு டிடென்ஷன், அதாவது பெட்டிய லேட்டா திருப்பி விட்டதுக்கான காசு, அந்தக் கணக்கை அது கையில குடுத்தேன். புதன்கிழமை 12ஆம் தேதி ரிவ்யூ வச்சிருந்தோம்.

போன வியாழன் சாயங்காலம் அதுகிட்ட இருந்து மெயில், ரிவ்யூவை ரெண்டு நாள் ஃபார்வர்டு பண்ண முடியுமான்னு. ஆஹா, பொண்ணு திங்கட்கிழமையே ரெடியாம்னு சந்தோஷப்பட்டு சவுகார்பேட்டை பார்ட்டிக்கு போன் போட்டு திங்க காலைல 11 மணிக்கு வரச் சொல்லிட்டேன். இன்னிக்கு உக்காந்தா 14ல 8 பெட்டிக்குத்தான் கணக்கு. மீதி ஆறுக்கு காலிப் பெட்டிய திருப்பி விட்ட தேதியே காணோம். பார்ட்டி முன்னால மானம் போச்சு. "நீதானம்மா முன்னாடி வைக்கச் சொன்ன"ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுகிட்டு "ஆமா சார், சாரி சார்"ங்குது.

இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க.

காசிமேடு_பையன் | 10.06.2024, இரவு 9:52

இன்னா தல, ஃபார்வர்டிங் ஆபீஸ்ல இருந்துகினே ஃபார்வர்டுக்கு அர்த்தம் கேக்குறியே. அந்தப் பொண்ணு "அப்பாலிக்கா வச்சுக்கலாம் சார்"னு ஒரே வார்த்தை எழுதிருந்தா மேட்டர் ஓவர்.

கொருக்குப்பேட்டை_ராஜா | 10.06.2024, இரவு 10:15

லீவு கேட்டா குடுக்கணும் சார். எங்க கம்பெனியில என் தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் கேட்டேன், ரெண்டு நாள்தான்னுட்டான், நான் முகூர்த்தத்துக்கு மட்டும் போயி மாலை வாடுறதுக்குள்ள திரும்பி வந்தேன். இப்ப இருக்குற பசங்க மெயில்லயாவது கேக்குதுங்க. நாங்க நேர்ல போயி நின்னாலே கால் நடுங்கும்.

டோல்கேட்_வாசி | 10.06.2024, இரவு 10:20

லீவு கேக்கல ராஜா. மீட்டிங் தேதி மாத்தக் கேட்டுச்சு.

லிங்கிச்செட்டி_88 | 10.06.2024, இரவு 11:05

உங்க மேல தப்பே இல்ல. பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல "பிரிங் ஃபார்வர்டு"ன்னா முந்தின தேதிக்குக் கொண்டு வர்றது, "புட் பேக்"ன்னா தள்ளி வைக்கிறது. இதுல சந்தேகத்துக்கே இடமில்ல. ஃபார்வர்டுன்னு எழுதிட்டு வெள்ளிக்கிழமைன்னு நெனச்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியலைன்னுதான் அர்த்தம். தள்ளி வைக்கணும்னா போஸ்ட்போன், முன்னாடி வைக்கணும்னா ப்ரிபோன், ரெண்டுல ஒண்ணு எழுதவேண்டியதுதானே. ப்ரிபோன் நம்மூர் இங்கிலீஷ்தான், ஆனா இப்ப டிக்‌ஷனரிலயே இருக்கு.

மிண்ட்_ப்ரூஃப் | 11.06.2024, காலை 6:30

லிங்கிச்செட்டி தம்பி, பாதி சரியா சொன்னீங்க. "பிரிங்" ஃபார்வர்டுக்கு நீங்க சொல்றதுதான் அர்த்தம். ஆனா அந்தப் பொண்ணு பிரிங்னா எழுதுச்சு? டோல்கேட் சார் அந்த வரிய அப்படியே போடல. "மூவ்" ஃபார்வர்டுன்னு எழுதியிருந்தா கதையே வேற. அதுல ரெண்டு பக்கமும் வழி திறந்திருக்கு.

நான் முப்பது வருஷம் பிரஸ்ல ப்ரூஃப் பாத்தவன், அதனால இந்த மாதிரி வார்த்தைகளப் பொறுக்கி வச்சிக்கிற பழக்கம். இதே கேள்விய, வார்த்தைக்கு வார்த்தை இதே புதன்கிழமைய வச்சே, அமெரிக்காவுல ஜனங்ககிட்ட கேட்டிருக்காங்க. லெரா போரோடிட்ஸ்கின்னு ஒரு அம்மா, மைக்கேல் ராம்ஸ்கர்னு ஒருத்தர், 2002ல வந்த கட்டுரை. "புதன்கிழமை மீட்டிங் ரெண்டு நாள் மூவ் ஃபார்வர்டு ஆயிடுச்சு, இப்ப என்னிக்கு?"ன்னு கேட்டா சில பேர் திங்கள்ங்குறாங்க, சில பேர் வெள்ளிங்குறாங்க, அத்தனை பேரும் இங்கிலீஷ்லயே புழங்குறவங்க. ஏர்போர்ட்ல கேட்டிருக்காங்க. பிளேன்ல வந்து இறங்குனவங்களும் ஏறப் போறவங்களும் நிறைய பேர் வெள்ளின்னாங்க, யாரையோ கூட்டிப் போக வந்து சும்மா நின்னவங்க அவ்வளவு பேர் சொல்லல. சாப்பாட்டு க்யூவுல கேட்டப்பவும் அப்படித்தான், ரொம்ப தூரம் நகந்து வந்தவன் வெள்ளிங்குறான்.

அதாவது நாம காலத்துக்குள்ள நடந்து போறோம்னு தோணுனா, ஃபார்வர்டுன்னா நாம போற திசை, வெள்ளி. நாம நிக்கிறோம், நாள்தான் நம்மள நோக்கி வருதுன்னு தோணுனா, ஃபார்வர்டுன்னா நம்ம கிட்டக்க, திங்கள்.

மெயில முழுசாப் போடுங்க சார்.

டோல்கேட்_வாசி | 11.06.2024, காலை 7:10

போடுறேன். மொத்தம் ஒன்பது வரி. "ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" ஒண்ணு. பிஸி டைம்ல தொந்தரவு பண்றதுக்கு சாரி. வாய்ப்பு குடுத்ததுக்கு நன்றி. இன்னொரு சாரி. அப்புறம்தான் விஷயமே வருது: "இஃப் இட் இஸ் நாட் எ ப்ராப்ளம், குட் த வெட்னெஸ்டே ரிவ்யூ பி மூவ்டு ஃபார்வர்டு பை டூ டேஸ், ஸோ தட் ஐ கேன் கிவ் யூ எ கம்ப்ளீட் ஸ்டேட்மெண்ட்." அதுக்குக் கீழ, முடியலைன்னாலும் பரவால்ல, உங்க வசதிதான் முக்கியம், மறுபடி சாரி.

"மூவ்டு"தான் இருக்கு. அய்யா சொன்னது சரி.

வண்ணாரப்பேட்டை_அக்கா | 11.06.2024, காலை 8:25

கம்ப்ளீட் ஸ்டேட்மெண்ட் குடுக்குறதுக்காகன்னு அந்தப் பொண்ணே எழுதியிருக்கே! முழுசா குடுக்கணும்னு ரெண்டு நாள் கேக்குறவங்க பின்னாடி தள்ளக் கேப்பாங்களா, முன்னாடி இழுக்கக் கேப்பாங்களா? அந்த வரி உங்க கண்ணுல படலயா சார்?

டோல்கேட்_வாசி | 11.06.2024, பகல் 1:40

படல. உள்ளத சொல்லிடுறேன், எண்ணூர் ஹைரோட்ல டிரெய்லர் க்யூவுக்கு நடுவுல வண்டிய ஆஃப் பண்ணிட்டு மொபைல்ல படிச்சேன். ஹார்பருக்குப் போற வண்டி சாயங்காலத்துல எப்படி நிக்கும்னு இந்தப் பக்கம் இருக்குறவங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரமா முன்னாடி நிக்கிற பெட்டியோட கதவு நம்பர பாத்துகிட்டே இருந்தேன், அந்த நம்பர் இன்னும் மனப்பாடம். சாரி சாரின்னு நாலு வரிய தள்ளிட்டு வந்தா "ஃபார்வர்டு பை டூ டேஸ்" கண்ணுல பட்டுச்சு, அதுக்கு மேல படிக்கல.

காசிமேடு_பையன் | 11.06.2024, பகல் 1:48

பாத்தியா, அய்யா சொன்ன ஏர்போர்ட் மேட்டர்! நீ நின்னுகினு இருந்த, அதான் திங்கக்கிழம. அந்தப் பொண்ணு எதுல போய்க்கினு எழுதுச்சு, அதக் கேளு முதல்ல.

டோல்கேட்_வாசி | 11.06.2024, இரவு 9:05

கேட்டேன். மெயில் எங்கம்மா எழுதுனன்னேன். ஆபீஸ்ல மத்தியானத்துல இருந்து எழுதி எழுதி அழிச்சுகிட்டு இருந்துச்சாம், கடைசில மண்ணடில மெட்ரோ ஏறி காலடிப்பேட்டை இறங்குறதுக்குள்ள அனுப்பிடணும்னு, தண்டையார்பேட்டை தாண்டுனதும் கண்ண மூடிட்டு சென்ட் அமுக்கிடுச்சாம்.

சிரிப்பு வந்துச்சு. அடக்கிகிட்டேன், அதுக்கு ஏன்னு புரிஞ்சிருக்காது.

மிண்ட்_ப்ரூஃப் | 11.06.2024, இரவு 9:30

ரயில்ல போறவங்களையும் அவங்க கேட்டிருக்காங்க. ஆனா இத வச்சு தீர்ப்பு எழுதிடாதீங்கப்பா. அது நூத்துக்கணக்கான பேர்கிட்ட கேட்டு பாத்த ஒரு சாய்வு. மெட்ரோவுல ஏறுன எல்லாரும் வெள்ளின்னு சொல்லுவாங்கன்னு இல்ல, அந்த ஒரு பொண்ணு ஏன் அப்படி எழுதுச்சுன்னு அதுல தெரியாது.

எனக்கு தமிழ் பக்கத்துலதான் உறுத்துது. "ரெண்டு நாள் முன்னாடி"ன்னா நமக்கு எப்பவுமே முந்தின நாள்தான். அதனால ஃபார்வர்ட மனசுக்குள்ள முன்னாடின்னு மாத்திட்டா திங்கள்ல போய்தான் நிக்கும், டோல்கேட் சார் அதத்தான் செஞ்சிருக்காரு. அதே முன்-ல இருந்து வந்த "முன்னோக்கி"ய எடுங்க, அது இனிமே வரப்போற காலத்தப் பாக்குது. முன்னேற்றமும் அப்படியே. ஒரே வேர் ரெண்டு திசைக்கும் கை காட்டுது, இங்கிலீஷ மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

லிங்கிச்செட்டி_88 | 11.06.2024, இரவு 10:12

மூவ் வேற பிரிங் வேறன்னு ஒத்துக்குறேன். ஆனாலும் ஆபீஸ் மெயில்ல தேதி போடாம எழுதுறது தப்புதான். "ஃப்ரைடே 14, 3 பிஎம்"னு போட்டிருந்தா இந்த ஏர்போர்ட் கதையெல்லாம் எதுக்கு?

வண்ணாரப்பேட்டை_அக்கா | 11.06.2024, இரவு 10:50

தேதி ஏன் போடலைன்னு நான் சொல்றேன். என் முதல் வேலையில நானும் இதேதான். டிராஃப்ட்ல தேதி இருக்கும். அனுப்புறதுக்கு முன்ன படிச்சா "வெள்ளி மூணு மணிக்கு வைங்க"ன்னு சாருக்கே ஆர்டர் போடுற மாதிரி இருக்கும், உடனே தேதிய தூக்கிடுவேன். அப்புறம் காரணம். காரணம் எழுதுனா யாரையோ போட்டுக் குடுக்குற மாதிரி இருக்கும், அதையும் தூக்கிடுவேன். தூக்குன இடம் மொட்டையா தெரியுதேன்னு அங்க ரெண்டு சாரி வப்பேன். மரியாதையா ஆகணும்னு திருத்தத் திருத்த மெயில்ல இருந்து விஷயம்தான் வெளிய போகும்.

அந்த ஆறு பெட்டிக்குத் தேதி ஏன் இல்லைன்னு விசாரிச்சீங்களா?

டோல்கேட்_வாசி | 12.06.2024, இரவு 8:30

விசாரிச்சேன். ஆனா பொண்ணுகிட்ட இல்ல, அதுகிட்ட கேட்டா "பரவால்ல சார்"தான் வருது. பக்கத்து சீட்டு அக்கவுண்ட்ஸ் அம்மாகிட்ட கேட்டேன், அவங்க கொட்டித் தீத்துட்டாங்க.

விவரமா சொல்றேன், இந்தத் தொழில் தெரியாதவங்களுக்கும் புரியட்டும். கப்பல்ல இருந்து பெட்டி இறங்குன நாள்ல இருந்து ஷிப்பிங் லைன்காரன் கொஞ்ச நாள் இலவசமா விடுவான், இந்தப் பார்ட்டிக்கு 14 நாள். அதுக்கு மேல பெட்டி நம்மகிட்ட இருக்குற ஒவ்வொரு நாளுக்கும் டிடென்ஷன். சரக்க இறக்கிட்டு காலிப் பெட்டிய மணலி யார்டுல விட்டதும் ஒரு இஐஆர் ஸ்லிப் குடுப்பான், அதுல இருக்குற தேதியோட மீட்டர் நிக்கும். அந்த ஆறு பெட்டியோட ஸ்லிப்பும் டிரான்ஸ்போர்ட் பாக்குற நம்ம சீனியர் கிளார்க் மேஜைல எங்கயோ கெடந்திருக்கு. வியாழக்கிழமை தேடித் தரேன்னாராம். அவரு 22 வருஷ ஆளு. அவரு பேர மெயில்ல எழுத பொண்ணுக்குப் பயம்.

ஷீட்ல இருந்த ஃபார்முலா நான் போட்டது:

```
=IF(G9="", TODAY(), G9) - D9 - 14
```

D பெட்டி இறங்குன தேதி, G எம்ப்டி விட்ட தேதி. G காலியா இருந்தா பெட்டி இன்னும் வெளியதான் இருக்குன்னு எடுத்துகிட்டு இன்னிக்குத் தேதி வரைக்கும் ஓடும். ஆறு பெட்டியும் மே 10 இறங்குனது, திங்கட்கிழமை அன்னிக்கு ஒவ்வொண்ணுக்கும் 17 நாள் காட்டுச்சு, ஆக மொத்தம் 102 நாள். சேட்டு அந்த நம்பர பாத்துட்டுதான் சேரை பின்னாடி தள்ளிட்டு எழுந்தாரு. பொண்ணுக்கு அந்த 102 பொய்னு தெரியும். சொல்லல.

கொருக்குப்பேட்டை_ராஜா | 12.06.2024, இரவு 9:00

ஏன் சொல்லல? நானா இருந்தா அங்கயே சொல்லிருப்பேன்.

வண்ணாரப்பேட்டை_அக்கா | 12.06.2024, இரவு 9:04

மாலை வாடுறதுக்குள்ள திரும்பி வந்தது யாரு ராஜாண்ணா?

டோல்கேட்_வாசி | 12.06.2024, இரவு 9:45

அக்கா சொன்னது அப்படியே பலிச்சிருக்கு. அக்கவுண்ட்ஸ் அம்மா மொபைல்ல முதல் டிராஃப்ட் இருக்கு, சரியா இருக்கான்னு பாக்க பொண்ணு அனுப்பியிருக்கு. மூணே வரி. ஆறு இஐஆர் வியாழன்தான் கிடைக்கும், ரிவ்யூவை வெள்ளி 14ஆம் தேதி 3 மணிக்கு வச்சுக்கலாமா சார்னு. இத நான் டிரெய்லர் க்யூவுல என்ன, தூக்கத்துல படிச்சிருந்தாலும் புரிஞ்சிருக்கும்.

அந்த அம்மாதான் "இன்னும் கொஞ்சம் பணிவா எழுது கண்ணு"ன்னாங்களாம். இப்ப அவங்களும் முகத்த தொங்கப் போட்டுகிட்டு இருக்காங்க.

லிங்கிச்செட்டி_88 | 12.06.2024, இரவு 10:30

ஒரு சந்தேகம். வியாழன் மெயில் வந்துச்சு, திங்கள் ரிவ்யூ. நடுவுல வெள்ளி, சனி இருக்கே. நீங்க திங்கள்னு எடுத்துகிட்டது அந்தப் பொண்ணுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே? அப்ப ஏன் சும்மா இருந்துச்சு?

டோல்கேட்_வாசி | 12.06.2024, இரவு 11:55

இதை யாரும் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.

நான் போட்ட பதில்: "ஓகே, டன். குட் இனிஷியேட்டிவ்." அவ்வளவுதான். நாள் போடல. நானும் போடல. பொண்ணு அத வெள்ளிக்கு ஓகேன்னு எடுத்துகிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கு. காலண்டர் இன்வைட்ட மாத்துப்பான்னு எங்க ஆபீஸ் பையன்கிட்ட சொன்னேன், அவன் மாத்தல, அது பாட்டுக்கு புதன்லயே கெடந்துச்சு. பார்ட்டிகிட்ட போன்ல பேசிட்டேன், பொண்ணுகிட்ட யாரும் வாயத் திறக்கல. திங்க காலைல 10:50க்கு "சேட்டு வந்துட்டாரு, ஷீட்ட எடுத்துட்டு வாம்மா"ன்னு நான் கூப்புட்டப்பதான் அதுக்கே தெரியும்.

முதல் போஸ்ட்ல இத விட்டுட்டேன். மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம். உண்மையச் சொன்னா எழுத விருப்பமில்ல.

மிண்ட்_ப்ரூஃப் | 13.06.2024, காலை 6:15

ப்ரூஃப் பாக்குறவன் எழுத்துப் பிழைய சுலபமாப் புடிச்சிடுவான், விட்டுப்போன வரியத்தான் புடிக்க மாட்டான். மூல பிரதிய பக்கத்துல வச்சு ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் பாத்தாதான் அது தெரியும். "ஓகே" போடுறதுக்கு பதிலா "சரி, அப்ப 10ஆம் தேதி திங்கள்"னு திருப்பி வாசிச்சிருந்தா வியாழக்கிழமையே மாட்டியிருக்கும்.

காசிமேடு_பையன் | 13.06.2024, காலை 9:20

கடல்ல வயர்லெஸ்ல பேசுறப்ப அப்டித்தான் அய்யா. எதிர்ப்பக்கம் சொன்ன நம்பர திரும்ப சொல்லிட்டுதான் "சரி"ம்போம். இல்லாங்காட்டி வேற போட்டுக்குப் போயி ஐஸ் இறக்கிட்டு வந்துருவோம்.

லிங்கிச்செட்டி_88 | 13.06.2024, மாலை 5:40

எல்லாம் சரி. அந்தப் பொண்ணு ஃபார்வர்டுங்கிற வார்த்தைய எங்க இருந்து புடிச்சுது? டிராஃப்ட்லதான் இல்லையே.

டோல்கேட்_வாசி | 14.06.2024, இரவு 8:50

இன்னிக்கு ரிவ்யூ முடிஞ்சுது. வெள்ளி, 3 மணி. நேத்து ஸ்லிப் ஆறும் கிடைச்சுது, அந்த 22 வருஷ ஆளு கண்ணாடிக் கூட்டுக்குள்ள மடிச்சு வச்சிருந்தாரு, ஏன்னு கேக்காதீங்க. ரெண்டு பெட்டி மே 27 விட்டது, நாலு பெட்டி 28. ரெண்டுக்கு மூணு மூணு நாள், நாலுக்கு நாலு நாலு நாள், ஆக 22 நாள். 102 இருந்த இடத்துல 22. லைன்காரன் டெபாசிட்ல புடிக்கிற கணக்குக்கும் இதுக்கும் ஒரு நாள் அப்படி இப்படி வரலாம், இறங்குன நாளை சேக்குறானா இல்லையாங்குறதப் பொறுத்து. சேட்டு ஷீட்ட ரெண்டு தடவை பாத்துட்டு டீ கேட்டாரு. அதுக்கு மேல அவர்கிட்ட பாராட்டெல்லாம் வராது.

சேட்டு கெளம்பறதுக்குள்ள, திங்கட்கிழமை குழப்பம் என்னாலதான்னு அவர் முன்னாடியே சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். பொண்ணு ஃபைலை டக்குனு மூடிட்டு எழுந்து வெளிய போயிடுச்சு. எல்லார் முன்னாடியும் தன்னைப் பத்திப் பேசுறாங்கன்னாலே அதுக்கு ஆகாது போல. சொன்னேனா இல்லையான்னு கேட்டீங்கன்னா பாதி சொன்னேன்.

லிங்கிச்செட்டி கேட்டத அப்புறம் தனியா கேட்டேன். ஃபார்வர்டுன்னா பின்னாடி போறதுன்னு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்கன்னு. ரெண்டு மாசத்துல முதல் தடவையா நிமிந்து பாத்து முழுசா ஒரு வாக்கியம் பேசுச்சு: "சார், கேரி ஃபார்வர்டுன்னா அடுத்த பக்கத்துக்குத்தானே சார் போகும்?"

வண்ணாரப்பேட்டை_அக்கா | 14.06.2024, இரவு 9:02

பி.காம்!!

மிண்ட்_ப்ரூஃப் | 14.06.2024, இரவு 9:20

அட. இது எனக்குத் தோணவே இல்ல. லெட்ஜர்ல பக்கத்தோட அடியில கேரிடு ஃபார்வர்டு, அடுத்த பக்கத்து தலையில அதே தொகைக்கு ப்ராட் ஃபார்வர்டு. மூணு வருஷம் அதையே எழுதுன கைக்கு ஃபார்வர்டுன்னா அடுத்த பக்கம்தான். மெட்ரோவும் இல்ல, ஏர்போர்ட்டும் இல்ல. நான் 2002 வரைக்கும் போயி சுத்திட்டு வந்தேன், விஷயம் டிகிரி சர்டிபிகேட்லயே இருந்திருக்கு.

லிங்கிச்செட்டி_88 | 14.06.2024, இரவு 10:00

மெட்ரோவும் கொஞ்சம் இருக்கலாம்னு எனக்குத் தோணுது அய்யா. அத விட்டுடாதீங்க. ஆனா ஒரு தகராறு இன்னும் இருக்கு. லெட்ஜர் அர்த்தத்த ரிவ்யூ தேதிக்கு போடுறது சரியா? போட்டாலும் படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் பாதி தப்பு எழுதுனவங்க மேலன்னுதான் சொல்லுவேன்.

வண்ணாரப்பேட்டை_அக்கா | 14.06.2024, இரவு 10:08

பாதி சரி. மீதி பாதி "டன்"னு எழுதுனவர் மேல. திட்டு மட்டும் ஏன் முழுசா ஒரே ஆளுக்கு?

டோல்கேட்_வாசி | 16.06.2024, பகல் 12:15

அக்கா கேட்டதுக்கு பதில் இல்ல. ஃபார்முலாவ மட்டும் மாத்திட்டேன், G காலியா இருந்தா இப்ப நாள் கணக்கு ஓடாது, `"EIR?"`ன்னு காட்டும். நாளைக்கு பக்ரீத், ஆபீஸ் லீவு.

கொருக்குப்பேட்டை_ராஜா | 16.06.2024, பகல் 12:40

லீவுன்னு கரெக்ட்டா மெயில் போட்டீங்களா சார், தேதியோட?

டோல்கேட்_வாசி | 19.06.2024, இரவு 9:15

இழைய மூடிடலாம்னுதான் வந்தேன். முடியல.

இன்னிக்கு மத்தியானம் ஆறு பேருக்கும் மெயில் போட்டேன், அடுத்த பார்ட்டியோட கணக்கு "நெக்ஸ்ட் ஃப்ரைடே" ரிவ்யூன்னு. பத்தே நிமிஷத்துல அந்தப் பொண்ணுகிட்ட இருந்து பதில். ஹோப் திஸ் மெயில் இல்ல, சாரி இல்ல. ஒரே வரி: "சார், 21-ஆ 28-ஆ?"

இன்னும் பதில் போடல. நான் எத நெனச்சு எழுதுனேன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு.